தயாளினியின் பின்னேரங்கள்

நான் நல்ல மனுஷி என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இவ்வளவு பிழையும் அதனால்தான் வந்தது.

கொடிகாமத்தில், சந்தைக்குக் கிட்ட, பெண்களுக்கான சலூன் ஒன்றை இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறேன். என் பேர் வினிபிரட். பிறந்தது உடுவில் என்ற ஊரில், கலியாணம் முடித்து இங்கே வந்தேன். சலூனில் என்னோடு இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். பிரசாந்திக்கு இருபத்தைந்து வயது, மணப்பெண் அலங்காரத்தில் கெட்டிக்காரி. தயாளினி ஒன்பது வருஷமாக என்னோடு இருக்கிறாள். முடி வெட்டுவதிலும் நிறம் போடுவதிலும் அவளுக்கு ஈடு இந்தப் பக்கத்தில் இல்லை. கிளிநொச்சியிலிருந்துகூடப் பஸ் ஏறி அவளைத் தேடி வருவார்கள்.

தையில் அவளுக்கு மகன் பிறந்தான். எனக்குச் சந்தோஷம், கூடவே பயம். அவளுக்கு முன்பு சலூனில் வேலைக்கு நின்ற மூன்று பிள்ளைகளை இப்படித்தான் இழந்திருக்கிறேன். ஒருத்தி கலியாணத்தோடு நின்றாள், இரண்டு பேர் பிள்ளை பிறந்த பிறகு திரும்பி வரவேயில்லை. ஒவ்வொருத்திக்கும் கேக் வெட்டி, சீலை கொடுத்து, சிரித்துக்கொண்டு அனுப்பிவிட்டு வீட்டில் வந்து மனுஷனோடு சண்டை பிடித்தேன். நிறம் போடும் கை ஒன்று உருவாக மூன்று வருஷம் வேணும். தயாளினியும் போனால் நான் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

அதனால் இந்த முறை முந்திக்கொண்டேன். சட்டப்படி எண்பத்துநாலு வேலைநாள் பிரசவ லீவு கொடுத்தேன். அதற்கு மேல் இன்னுமொரு மாதமும் கொடுத்தேன். பிறகு நானே யோசித்து, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைக்கும் மட்டும் அவளுக்கு வேலை என்று ஒரு வடிவான அட்டையில் எழுதி, குழந்தைக்கு வாங்கின சட்டையோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாதி நாள்தான், மத்தியானத்துக்கு வீட்டில் நிற்கலாம். தயாளினி அட்டையை வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அப்படிப் பெருமை! அந்தக் கிழமை தேவாலயத்தில் நாலு பேருக்காவது சொல்லியிருப்பேன்.

ஆனியில் அவள் திரும்பி வந்தாள். முதல் கிழமையே இரண்டு நாள் பிந்தினாள்; காலையில் பிள்ளையைப் பார்க்கிற பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வரப் பிந்தினாராம். மற்ற நாட்களில் நேரத்துக்கு வந்து சும்மா இருந்தாள். காலையில் எங்கள் கடைக்கு யார் வருகிறார்கள்? ரீச்சர்மார் பள்ளிக்கூடத்தில், வங்கிப் பிள்ளைகள் வங்கியில், மற்றவர்கள் சமையலில். இரண்டு மணிக்குப் பிறகுதான் மடை திறந்த மாதிரி வருவார்கள். வந்தவுடனே முதல் கேள்வி, "தயாளினி இல்லையோ?" தலைக்கு இவ்வளவு என்று சம்பளத்துக்கு மேல் கொடுக்கிற காசு அவளுக்கு அந்த மாதம் ஒன்றுமே சேரவில்லை.

அவளுடைய ஆட்களையும் தன்னுடைய ஆட்களையும் பின்னேரம் முழுக்கப் பிரசாந்தி ஒருத்தியே பார்த்தாள். ஒருநாள் சீப்பை மேசையில் போட்டுவிட்டுச் சொன்னாள்: "அன்ரி, தயாளினி அக்காவுக்கு மத்தியானத்தோடை வீடு. நான் ஆறரை மட்டும் நிண்டு கால் வீங்கிக் கிடக்கிறன். பிள்ளை பெத்தால்தான் மனுசரோ?"

"வாயைப் பொத்து," என்றேன். அது என்னுடைய இரண்டாவது பிழை.

பிறகு குணலட்சுமியின் தலை வந்தது. அவர் வங்கியில் பெரிய அதிகாரி, அரைநாள் லீவு போட்டுக்கொண்டு பதினொரு மணிக்கு வந்தார். முடியில் இழை இழையாகப் பிடித்து நிறம் வெளுக்க வேணும். தயாளினி நாற்பது இழை எடுத்துச் சுற்றினாள். அவர் வருஷக்கணக்காக மருதோன்றி பூசிய முடி. நினைத்த மாதிரி வெளுக்காமல் தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் நின்றது. ஐந்து நிமிஷத்துக்கொருமுறை பிரித்துப் பார்க்க வேணும், கழுவி மேல்நிறமும் போட வேணும். மணி ஒன்று ஆகிவிட்டது. அவளுடைய தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குப் பால் நேரம் பிந்திவிட்டது என்று வீட்டிலிருந்துதான் அழைத்தார்கள். அவள் காதில் வைக்க, பின்னணியில் அவன் கத்துவது எனக்கே கேட்டது.

"நீ போ, பிரசாந்தி பாப்பாள்," என்றேன்.

"நான் எப்பிடிப் பாக்கிறது?" என்றாள் பிரசாந்தி. "எத்தினை வீதத்திலை கலந்தவா, எத்தினை மணிக்கு வைச்சவா எண்டு எனக்குத் தெரியுமோ?"

அவள் சொன்னது சரி. எல்லாம் தயாளினியின் தலைக்குள்தான் இருந்தது, ஒரு துண்டுக் கடதாசியில்கூட எழுதவில்லை. இரண்டரை வரைக்கும் நின்று, மேல்சட்டை பாலில் நனைய நனைய முடித்துவிட்டுத்தான் போனாள். குணலட்சுமி கண்ணாடியைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார். அந்தக் கடையில் அன்றைக்குச் சிரித்தது அவர் மட்டும்தான்.

அடுத்த நாள் காலை தயாளினி வேலைக்கு வரவில்லை. மத்தியானம் புருஷன் கோபிசங்கர் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினான். அவன் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். அவள் உள்ளே வந்து, நான் கொடுத்த அட்டையை மேசையில் வைத்தாள்.

"அன்ரி, நான் வேலையை விடுறன்."

எனக்கு வந்ததே கோபம். "கொடிகாமம் முழுக்கப் போய்க் கேட்டுப் பார்! ஆர் உனக்கு இப்பிடி நேரம் தருவினம்? அரைநாள்! வேறை ஆராவது தந்தவையோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் நல்ல மனசோடைதான் தந்தனீங்கள். என்னாலைதான் ஏலாமல் கிடக்கு." கண்ணில் நீர் முட்டிவிட்டது அவளுக்கு.

வாசலிலிருந்து கோபிசங்கர் தொண்டையைச் செருமினான். "அன்ரி, குறை நினைக்காதேங்கோ. ஒண்டு கேக்கட்டே?"

"கேளும் தம்பி."

"நான் விடிய நாலு மணிக்குச் சந்தைக்குப் போனால் பதினொண்டரைக்கு வீட்டை வந்திடுவன். பிறகு இரவு மட்டும் சும்மாதான். இவன் என்னோடை நல்லா இருப்பான். ஏன் அன்ரி இவவைக் காலமை கூப்பிடுறியள்?"

நான் அவனைப் பார்த்தேன், பிறகு அவளைப் பார்த்தேன்.

"இவர் பின்னேரம் சும்மா இருக்கிறார் எண்டு ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே," என்றாள் மெதுவாக. "ஆசையா எழுதி, சட்டையோடை கொண்டுவந்து தந்தியள். அதைப் போய் வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மூலையில் நின்ற பிரசாந்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குக் காது சுட்டது. பிள்ளை பெற்றவளுக்குக் காலைதான் வசதி என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு, அதை ஒரு அட்டையில் எழுதி, ஊர் முழுக்கப் பெருமையும் அடித்திருக்கிறேன். காலையில் அவளுக்கும் ஏலாது, கடைக்கும் தேவையில்லை. இருவரும் ஒருவருக்கொருவர் மரியாதை பார்த்தே ஒரு மாதத்தைப் பாழாக்கிவிட்டோம்.

அட்டையை இரண்டாகக் கிழித்தேன். "இப்ப கேக்கிறன். சொல்லு, உனக்கு எந்த நேரம் வசதி?"

அவள் யோசிக்கவேயில்லை. "பன்னிரண்டரைக்கு வந்து ஆறுக்குப் போவன். ஞாயிறும் திங்களும் ஏலாது. நடுவிலை ஒருக்கால் பால் குடுக்க வேணும்."

"விடியக்காலமைக் கலியாணப் பொம்பிளை அலங்காரம்?"

"இவன் நடக்கத் தொடங்கும் மட்டும் ஏலாது அன்ரி."

நல்ல புத்தி வந்தால் ஒரேயடியாகத்தான் வரும் எனக்கு. பிரசாந்தியிடம் திரும்பினேன். "உனக்கு?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. "விடியக்காலமை வேலை எனக்கு விருப்பம் அன்ரி. ஆனா அதுக்கு அடுத்த நாள் லீவு வேணும். செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணத்திலை என்.வி.கியூ. தொழில் சான்றிதழ் நாலாம் தர வகுப்புக்குப் போக வேணும். நான் ஒரு வருசமாக் கேக்க நினைச்சு நினைச்சு விட்டிட்டன்." பிறகு குரல் இன்னும் குறைந்தது. "ஆவணியிலை எனக்குக் கலியாண எழுத்து. நாளைக்கு எனக்கும் பிள்ளை வரும்தானே. உங்களுக்கு ஆரிலை பட்சம் எண்டு பாத்துக்கொண்டு நான் இருக்கேலாது. இதையெல்லாம் முறையா எழுதிச் சுவரிலை ஒட்டுங்கோ."

அது எனக்கு நன்றாகவே உறைத்தது. நான் கொடுத்ததை நான் தயவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தயவை யாரும் நம்பிக் கலியாணம் கட்டமாட்டார்கள்.

எழுதி ஒட்டினோம். பிரசவ லீவு முடிந்து வருகிறவர் தன் நேரத்தைத் தானே சொல்வார், மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றலாம், பழைய வாடிக்கையாளர் அவருக்கே திரும்பி வருவார். விடியக்காலை வேலை செய்தவருக்கு மறுநாள் லீவு. மூன்று மணிக்குப் பிறகு நிறம் வெளுக்கும் வேலை தொடங்குவதில்லை. ஒவ்வொரு தலைக்கும் ஒரு அட்டை; என்ன கலந்தது, எத்தனை வீதம், எத்தனை மணிக்கு வைத்தது என்று எழுதாமல் யாரும் தூரிகையைத் தொடக் கூடாது. பின்னறையில் திரை கட்டி, பால் கொடுக்க ஒரு சாய்கதிரை போட்டேன்.

ஆடியில் கலியாணம் இல்லை, பழகிப் பார்க்க நல்ல மாதம். நாலு மணியானால் கோபிசங்கர் மகனைக் கொண்டுவருவான். பால் குடித்து முடிந்ததும் அவன் கைக்குக் கை மாறுவான். நிறம் ஊறும்வரை காத்திருக்கிற ரீச்சர்மாரின் மடியில் அவனுக்கு நல்ல மரியாதை.

ஆவணியில் சோதனை வந்தது. ஒரு மணப்பெண்ணின் தாய் ஒற்றைக்காலில் நின்றார். விடிய நாலரைக்குத் தயாளினியே வரவேணுமாம், கை மாறினால் கொண்டை சரிவராதாம். பழைய வினிபிரட் என்றால் தயாளினியின் காலில் விழுந்திருப்பாள். நான், "வியாழன் பின்னேரம் மகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றேன். தயாளினி நிறம் போட்டு, வெட்டி, கொண்டையையும் ஒருமுறை கட்டிக் காட்டினாள். பிரசாந்தி பக்கத்தில் நின்று ஒவ்வொரு கொண்டை ஊசியும் எங்கே என்று எழுதினாள், நாலு பக்கமும் படம் எடுத்தாள். கலியாணத்தன்று விடிய அவள் தனியாகப் போனாள். மத்தியானம் தாய் அழைத்தார். "தயாளினியின்ரை கை மாதிரியே இருக்கு," என்றார். பிரசாந்தி அதைக் கேட்டுவிட்டு, "என்ரை கை மாதிரி எண்டு சொல்லுங்கோவன்," என்று முணுமுணுத்தாள். ஆனால் அன்று முழுக்க அவள் முகம் மலர்ந்துதான் கிடந்தது.

புரட்டாதிக்கான நேரங்களை மூவரும் இருந்து எழுதினோம். தயாளினி பேனையை வைத்திருந்தாள். தன்னுடையதை எழுதினாள், பிரசாந்தியுடையதை எழுதினாள், நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு அன்ரி?"

"எனக்கென்னடி? நான் முதலாளி. திறக்கிறதிலையிருந்து பூட்டுற மட்டும்."

"நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம்தானே. உங்களுக்கு எந்த நேரம் வசதி?"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வரவில்லை. என் மகள் பிறந்த நாற்பதாம் நாள் நான் இந்தக் கடையைத் திறந்தேன். அவளை ஒரு கடதாசிப் பெட்டிக்குள் படுக்கவைத்துவிட்டு ஒரு கலியாணப் பொம்பிளைக்குச் சீலை உடுத்திவிட்டேன். அதை இவ்வளவு காலமும் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு என்னிடம் இப்படி ஒருத்தரும் கேட்கவில்லை.

"புதன் பின்னேரம்," என்றேன்.

"என்ன அலுவல் அன்ரி?" என்றாள் பிரசாந்தி.

"அதை உனக்குச் சொல்ல வேணுமோ?"

தயாளினி எழுதினாள்: புதன் பின்னேரம், அன்ரி இல்லை.

அலுவல் ஒன்றும் இருக்கவில்லை. முதல் புதன்கிழமை வீட்டுக்குப் போய், என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் இருந்து நன்றாக அழுதேன். பிறகு எழும்பி, ஒரு தேத்தண்ணி போட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக அது ஆறுவதற்கு முன்னமே முழுவதையும் குடித்தேன்.