எட்டுப் படம், ஒரே சாயங்காலம்

காலை மணி பத்து இருபது. வாட்ஸ்அப்பில் சங்கீதாவின் செய்தி வந்து விழுந்தது.

"தனித்தனியா பார்த்தா எட்டு படமும் அழகு. ஒண்ணா வச்சுப் பார்த்தா எட்டு ஊர்ல எடுத்த மாதிரி இருக்கு. மூணு மணிக்கு சங்கத்துல காட்டணும். ஒரே போட்டோகிராபர் ஒரே நாள்ல எடுத்த மாதிரி இருக்கணும். இல்லன்னா சாரி ஜெர்லின், இதையும் அடுத்து வர்றதையும் சென்னை டீமுக்குத்தான் கொடுக்கப் போறேன்."

ஜெர்லின் இரண்டு தரம் படித்தாள். மூன்றாவது தரம் படிக்கத் தைரியம் வரவில்லை.

கூனிமேட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து டயர் கடைக்கு மாடியில் அவள் ஸ்டூடியோ. மூன்று கம்ப்யூட்டர், இரண்டு பேர். அவளும் கார்த்திகேசனும். கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்ததுபோல் கம்ப்யூட்டரில் வரைந்து, வெயில் அடிக்க வைத்து, உள்ளேயே ஒரு கேமராவும் வைத்துப் படமாக்கி, அதாவது 'ரெண்டர்' பண்ணித் தருவது தொழில். சென்னைக் கம்பெனியை விட்டுவிட்டு இருவரும் ஊர் திரும்பி எட்டு மாதம். புதுச்சேரி ஆர்க்கிடெக்ட் சங்கீதா கொடுத்த இந்த வேலைதான் முதல் பெரிய வேலை. மரக்காணம் உப்பளப் பெண்கள் சங்கத்துக்குப் புதுக் கட்டடம். மேற்கே உப்புப் பாத்தி, கிழக்கே கடல், நடுவில் கட்டடம்.

"கார்த்தி, எட்டையும் ஒரே ஸ்கிரீன்ல போடு. சின்னச் சின்னதா."

போட்டான். பார்த்ததும் இருவருக்கும் முகம் தொங்கியது.

ஐந்து படங்களில் உப்புக் குவியல் தெரிந்தது. ஒன்றில் ரோஜா நிறம். ஒன்றில் நீலம். ஒன்றில் பழைய வேட்டிக் கலர்.

"ஏ ஜெர்லின், இது உப்பா, பஞ்சு மிட்டாயா?"

"ஒயிட் பேலன்ஸை கேமராவுக்கு கேமரா மாத்தி வச்சிருக்கோம், அதான் வெள்ளை ஒவ்வொண்ணுலயும் வேற கலராத் தெரியுது. எக்ஸ்போஷர் ஆட்டோல கிடக்குது. ஒவ்வொரு படமும் அதுபாட்டுக்கு வெளிச்சத்தை ஏத்தி இறக்கிருக்குது."

"இவ்ளோதானா? போட்டோஷாப்ல ஒரு மணி நேரம். எல்லா உப்பையும் ஒரே வெள்ளையாக்கிடறேன்."

ஆக்கினான். பதினொன்றரைக்கு ஐந்து குவியலும் ஒரே வெள்ளை. ஆனால் உப்பை வெளுத்த கையோடு கடல் பச்சையாகிவிட்டது, செங்கல் சுவர் ஒரு படத்தில் ஆரஞ்சு, ஒரு படத்தில் காவி. அதைவிட மோசமாக இன்னொன்றும் இருந்தது. என்னவென்று ஜெர்லினுக்குப் பிடிபடவில்லை.

கலரையே எடுத்துவிட்டு எட்டையும் கறுப்பு வெள்ளையாக்கினாள்.

பிடிபட்டது.

"மொட்டை மாடித் தண்ணி டேங்க்கைப் பாரு. மூணாவது படத்துல நிழல் எந்தப் பக்கம் விழுது?"

"உப்பளத்துப் பக்கம்."

"ஆறாவதுல?"

கார்த்திகேசன் திரைக்குக் கிட்டே குனிந்தான். ஆறாவதில் நிழல் கடல் பக்கம் விழுந்திருந்தது.

"ஏம்பா, கடல் பக்கத்து நாலு படத்துக்கும் வெயில் எத்தனை மணிக்கு வச்ச?"

"காலையில ஆறே முக்கால். சங்கீதா மேடம் தங்க வெயில் கேட்டாங்க. எங்க குப்பத்துல தங்க வெயில்னா அதானே? மீன் புடிக்கப் போன போட்டு கரைக்கு வர்ற நேரம்." அவன் நிமிர்ந்தான். "நீ எத்தனை மணிக்கு வச்ச?"

ஜெர்லின் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் வளர்ந்தது உப்பளத்தோரம். அங்கே தங்க வெயில் என்றால் ஒன்றுதான். உப்பு வாரி முடித்து, பாத்தித் தண்ணீர் தகதகவென்று மின்னும் நேரம்.

"சாயங்காலம் அஞ்சேகால்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. கீழே டயர் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார்.

"ஒரே கட்டடம், ரெண்டு சூரியன்," என்றான் கார்த்திகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போட்டோஷாப் பாவம், அது என்ன பண்ணும்?"

"மறுபடி ரெண்டர் பண்ணணும். எட்டையும்."

சிரிப்பு நின்றது. மணி பதினொன்று ஐம்பது. ஒரு படத்துக்கு முப்பத்தைந்து நிமிடம். மூன்று கம்ப்யூட்டர், மூன்று சுற்று. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் அதற்கே போய்விடும்.

"எந்த சூரியன்?" என்றான் அவன். "காலையா, சாயங்காலமா?"

"சாயங்காலம். சங்கத்துக்காரங்க வேலை முடிச்சு அங்க வர்ற நேரம் அது."

"அப்ப என் கடல் பக்கம் மொத்தமா நிழலாயிடும். இருட்டாருக்குதுன்னு மேடம் திருப்பி அனுப்புவாங்க."

"நிஜமா ஒரு போட்டோகிராபர் வந்தா என்ன பண்ணுவாரு? சூரியனையா நகர்த்துவாரு? கேமராவைத்தானே நகர்த்துவாரு."

கார்த்திகேசன் கம்ப்யூட்டருக்குள் கேமராவை நகர்த்தினான். மணலில் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் தாழ்வாக. கூடத்துக்கு இரு பக்கமும் அகலக் கதவு. இரண்டையும் திறந்துவிட்டான். மேற்கே சாய்ந்த வெயில் உப்பளத்துப் பக்கம் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, கடல் பக்கத்து வராந்தாப் படியில் வந்து நீளமாகப் படுத்தது.

"ஜெர்லின்," என்றான் மெல்ல. "காலை வெயில்ல இது வரவே வராது."

"விளக்கையும் போட்டுவிடு. ஓடு, டைம் இல்ல."

மளமளவென்று வேலை நடந்தது. எட்டுக்கும் ஒரே வானம், ஒரே சூரியன். எக்ஸ்போஷரின் ஆட்டோவை அணைத்துப் பூட்டினாள். ஒயிட் பேலன்ஸ் எட்டுக்கும் ஒரே எண். சமையலறைக்குள் மட்டும் வெளிச்சம் கூடுதலாக வர கேமராவை ஒன்றரை ஸ்டாப் திறந்தாள், உள்ளே வந்த எந்தப் புகைப்படக்காரரும் அதைத்தான் செய்திருப்பார். கலரைத் தொடவில்லை. ஒவ்வொரு காட்சியிலும் ஒரு சாம்பல் நிறப் பந்தை வைத்து, கைக்குட்டை அளவில் சோதனை ரெண்டர் எடுத்தாள். வெளியே எடுத்த ஏழிலும் பந்தின் பளிச்சென்ற பக்கம் உப்பளத்தையும் நிழல் பக்கம் கடலையும் பார்த்து, ஒரே வெளிச்சத்தில் நின்றன. பந்தை எடுத்துவிட்டு முழு ரெண்டரை ஓடவிட்டபோது மணி பன்னிரண்டு முப்பத்தைந்து.

இரண்டு இருபதுக்கு எட்டாவது படம் இறங்கியது. ஒரே ஒரு கலர் திருத்தம். அதே திருத்தம் எட்டுக்கும். எந்தப் படத்துக்கும் தனிச் சலுகை கிடையாது. வரிசையாகப் பார்த்தார்கள். உப்பு உப்பாக இருந்தது. சுவர் எட்டிலும் ஒரே செங்கல்.

கார்த்திகேசனின் பைக் மரக்காணத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம்.

சங்க ஹாலில் இருபது பெண்கள். முன்வரிசையில் தலைவி லட்சுமியம்மாள். சுவரோரம் கை கட்டி நின்ற சங்கீதா, ஜெர்லினிடமிருந்து பென் டிரைவை வாங்கி லேப்டாப்பில் செருகினாள்.

படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஜெர்லின் திரையை விட்டு, பார்ப்பவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது படமும் முடிந்தது.

லட்சுமியம்மாள் தொண்டையைச் செருமினாள்.

"அந்த சமையல்கட்டு குழா, ஜன்னலுக்குக் கீழ இருக்குதே, அதை இந்தாண்ட தள்ளணும். அங்க நின்னு பாத்திரம் கழுவினா வெயில் நேரா கண்ணுல அடிக்கும்."

"அதெல்லாம் வேணாம்க்கா," என்றது ஒரு குரல். "கூடத்துல நல்லா காத்து வருது பாரு. அங்கயே உக்காந்து கழுவலாம்."

"கூடத்துல பாத்திரம் கழுவுவியா? நல்லாருக்குது உன் நியாயம்."

"வராந்தாப் படி எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

அவ்வளவுதான், ஹாலே இரைந்தது. குழாய்க்குப் பத்துப் பேர், படிக்கு ஏழு பேர்.

ஜெர்லின் சங்கீதாவின் பக்கம் நகர்ந்தாள். "மேடம், படத்தைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே."

"போன மாசம் வேற ஒரு சங்கத்துல வேற படம் காட்டினேன். அரை மணி நேரம், இது ஏன் நீலமா இருக்குது, அது ஏன் மஞ்சளா இருக்குதுன்னே கேட்டாங்க. கட்டடத்தைப் பத்தி யாருமே பேசல." சங்கீதாவின் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு விரிந்தது. "இங்க எல்லாரும் அந்த வீட்டுக்குள்ள போயிட்டாங்க ஜெர்லின். வானூர்ல அடுத்தது ஒரு ஸ்கூல். திங்கக்கிழமை டிராயிங் அனுப்பறேன். உங்க ரெண்டு பேருக்குத்தான்."

கார்த்திகேசன் கழுத்துவரை சிவந்துபோய், நின்ற இடத்திலேயே இரண்டு தரம் குதித்தான்.

அப்போதுதான் சங்கத்துப் பொன்னம்மாள் வந்து சேர்ந்தாள். பாத்தியில் வேலை முடிய நேரமாகிவிட்டது, முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. திரையில் நின்றிருந்த கடைசிப் படத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் ஜெர்லினிடம் திரும்பினாள்.

"கண்ணு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எப்ப கட்டி முடிச்சீங்க இதை?"

"இன்னும் கட்டலைங்கம்மா."

பொன்னம்மாள் மறுபடி திரையைப் பார்த்தாள். படியில் கிடந்த வெயிலைப் பார்த்தாள். ஜெர்லினை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொல்லாத. கட்டாததை எப்படி போட்டோ புடிப்பீங்க? யாரு வீடு இது?"