இரண்டாவது ஸ்லைடு

குழந்தைகள் மருத்துவமனையின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்கு எழுதுகிறவளை அங்கே எல்லோரும் 'எழுத்தம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை போட்ட பதிவில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே ஏறியிருந்தது.

கழிவறை கழுவும் ஆசிட்டைக் குழந்தை குடித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். முதல் ஸ்லைடில் கேள்வி. தள்ளத் தள்ள, ஜனங்கள் வழக்கமாகச் செய்கிற தப்புகள் பெரிய எழுத்தில்: 'உடனே வாந்தி எடுக்க வையுங்கள்.' 'உப்புத் தண்ணீர் கொடுங்கள்.' 'இவற்றில் எதையும் செய்யக் கூடாது' என்ற பதில் கீழே கேப்ஷனில். படத்தைப் பார்த்துப் பதறியவர்கள் கேப்ஷனுக்கு ஓடி வருவார்கள் என்று அவள் போட்ட கணக்கு. அவசர சிகிச்சை டாக்டரும் படித்துச் சரி என்றிருந்தார்.

மதியம் குடும்ப வாட்ஸ்அப்பில் அண்ணி ஒரு படம் அனுப்பினாள். இரண்டாவது ஸ்லைடு மட்டும். கூடவே, 'நம்ம பொண்ணு எழுதினது, எல்லாரும் சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.'

அவள் உடனே ஃபோன் போட்டாள்.

"அண்ணி, கேப்ஷன் படிச்சீங்களா?"

"அது எங்கம்மா இருக்கு? எனக்குப் படம்தான் வந்துச்சு. நல்ல விஷயமாச்சேன்னு என் ஃபிரெண்ட்ஸ் குரூப்லயும் போட்டேன். ஏன், தப்பா இருக்கா?"

"தப்புதான் அண்ணி. அழிச்சிடுங்க. எல்லா இடத்துலயும்."

ஃபோனை வைத்துவிட்டு, யாரோ எவரோ பார்ப்பதுபோலத் தன் பதிவைப் பார்த்தாள். கேப்ஷனில் வெளியே தெரிந்தது ஒரே வரி: 'கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்!' பதில் முழுவதும் 'மேலும்' என்பதற்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒருமுறை தள்ளாமல் கடந்து போனவர்களுக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை இரண்டாவது ஸ்லைடிலிருந்தும் காட்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவளும் டாக்டரும் சரிபார்த்த கோப்பில் ஸ்லைடும் கேப்ஷனும் ஒரே பக்கத்தில் அருகருகே இருந்தன. அங்கே எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கமெண்ட் வந்து விழுந்தது.

'பையன் ஆசிட் குடிச்சிட்டான். விரல் விட்டுப் பார்த்தேன், வாந்தி வரல. உப்பு எவ்ளோ போடணும்?'

'எதுவும் கொடுக்காதீங்க, உடனே கூப்பிடுங்க' என்று தன் நம்பரோடு பதில் போட்டாள். மறுபதில் வரவில்லை. கமெண்ட் போட்ட பெண்ணின் கணக்குக்கே தனியாகவும் அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிப் படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். கேப்ஷனைத் திருத்தலாம், போட்ட படத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஓடிக்கொண்டே பதிவையே நீக்கினாள்.

அவசர சிகிச்சை அறைக்குள் நுழையும்போது ஃபோன் அடித்தது. எதிர்முனையில் அழுகை; 'உப்புத் தண்ணி கலக்கிட்டேன்' என்பது மட்டும் புரிந்தது. "ஆசிட் குடிச்ச பையன், உப்புத் தண்ணி கலக்கிட்டாங்க" என்று ஃபோனை டாக்டரிடம் நீட்டினாள்.

"அம்மா, அந்தத் தண்ணியைக் கீழ வைங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. வாயைத் துடைச்சுவிட்டு, அந்த பாட்டிலையும் எடுத்துக்கிட்டு உடனே கிளம்புங்க."

அவர்கள் வந்து சேரும்வரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை. வாயைச் சுற்றிச் சிவந்திருந்த ஒரு சின்னப் பையனை உள்ளே தூக்கிப் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. வெளியே தாயும் இவளும் மட்டும்.

"உங்க ஆஸ்பத்திரிப் படத்தைப் பாத்துதான் செஞ்சேன்" என்றாள் தாய். குரலில் கோபம்கூட இல்லை.

"அதை எழுதினது நான்தாங்க. அப்படிச் செய்யக் கூடாதுன்னு கீழ எழுதியிருந்தேன்."

தாய் அவளையே பார்த்தாள். "பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டு கீழ வரைக்கும் யாருங்க படிப்பா?"

டாக்டர் வெளியே வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். "வாயிலயும் தொண்டையிலயும் புண் இருக்கு. உள்ள அதிகம் போகல, பிழைச்சுக்குவான். வாந்தி வந்திருந்தா போன வழியெல்லாம் திரும்ப வெந்திருக்கும்." பிறகு அவள் பக்கம் திரும்பித் தணிந்த குரலில், "நானும்தானே பாத்து சரின்னு சொன்னேன்" என்றார்.

சாயங்காலமே புதிதாக எழுதினாள். ஒவ்வொரு ஸ்லைடும் தனியாக எங்கே போய் விழுந்தாலும் உண்மையையே சொல்ல வேண்டும்: 'வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.' 'உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள்.' எல்லாவற்றிலும் அவசர எண். கேப்ஷனின் முதல் வரியும் அதையே சொன்னது. ஏன் கூடாது, வரும்போது என்ன எடுத்துவர வேண்டும் என்பதெல்லாம் அதன் கீழே. ஒரு நர்ஸைக் கூப்பிட்டு, மூன்றாவது ஸ்லைடை மட்டும் காட்டி, "இதைப் பாத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"உப்புத் தண்ணி குடுக்காம இந்த நம்பருக்குக் கூப்பிடுவேன். வேற என்ன?"

அதற்குப் பிறகுதான் பதிவைப் போட்டாள்.

அண்ணியிடமிருந்து அழைப்பு வந்தது. "புதுசை எல்லா குரூப்லயும் போட்டுட்டேன். ஆனா பழசை யார் யார் யாருக்கு அனுப்பினாங்கன்னு தெரியலையேம்மா. நாலஞ்சு பேர் நன்றி வேற சொன்னாங்க."

அவளுக்கு ஃபோனை வைக்க மனமில்லை. யாரென்றே தெரியாத வீடுகளில், யார் யார் கையிலோ, அந்தப் பழைய படம் பத்திரமாகச் சேமிக்கப்பட்டு இருந்தது.