நடுங்காத கை

என் கணவர் றொனால்டுக்கு இரண்டு சொத்து. ஒன்று, கேக்கின் மேல் ஐசிங்கால் பூ வைக்கிற கை. மற்றது, தகப்பன் வழியில் வந்த தொய்வு, அதாவது மூச்சிழுப்பு. இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. மா அரிக்கும்போது கிளம்புகிற தூசு அவருடைய நெஞ்சை அடைக்கும். அடைப்பை எடுக்க நீலப் பம்பை வாயில் வைத்து மருந்தை இழுத்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் பூ வராது. பூ வராவிட்டால் முகத்தை மூன்று முழத்துக்கு நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். பத்தொன்பது வருடமாக அந்த முகத்தோடுதான் நான் குடும்பம் நடத்துகிறேன்.

எங்கள் வீடு கல்லடியில் வாவிப் பக்கமாக இருக்கிறது. முன் அறைதான் பேக்கரி. கலியாணக் கேக் என்றால் செங்கலடியில் இருந்தும் ஆட்கள் வருவார்கள். கேக்கைச் சுடுவது நான். அலங்காரம் அவர். பாராட்டெல்லாம் அலங்காரத்துக்குத்தான் போகும், அதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

குளிசை, மாத்திரை விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் உன்னது என்னது என்ற பேச்சே இருந்ததில்லை. ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் எல்லாம் கலந்து கிடக்கும். அவருடைய இடுப்பு வலிக்குத் தந்ததை நான் போடுவேன். என் வயிற்றுக்குத் தந்ததை அவர் போடுவார். ஒருவருக்குச் சுகம் வந்தால் மற்றவருக்கும் வரத்தானே வேண்டும்? அதை ஒரு அன்பு என்றே நினைத்திருந்தோம்.

எனக்கு ஒற்றைத் தலையிடி. மூன்று மாதத்துக்கு முன் கிளினிக்கில் புரோப்ரனோலோல் என்ற குளிசை தந்தார்கள். தரும்போது அந்த டொக்டர், "உங்களுக்குத் தொய்வு இருக்கா?" என்று கேட்டார். "எனக்கு இல்ல டொக்டர், வீட்டுக்காரருக்குத்தான்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார். அந்தக் குளிசை தலையிடியைக் குறைத்தது. கூடவே, நெஞ்சுப் படபடப்பும் அடங்கியது, தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கும்போது இருந்த சின்ன நடுக்கமும் நின்றது. எனக்கு அந்தக் குளிசைமேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

எங்களிடம் கேக்குக்குச் சொல்லியிருந்த டினுஷாவின் கலியாணம் ஒரு சனிக்கிழமை. மூன்று தட்டுக் கேக். நாற்பது ரோசாப்பூ, மேலே மாப்பிள்ளை பொம்பிளையின் பெயர். வியாழக்கிழமை முழுக்க மா அரித்ததில் றொனால்டுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. அன்று எத்தனை தரம் அந்த நீலப் பம்பை இழுத்தார் என்று எனக்கே தெரியாது. டொக்டர்மார் தினமும் காலையும் மாலையும் இழுக்கச் சொல்லித் தந்த பழுப்புப் பம்ப் அலுமாரிக்கு மேலே தூசு படிந்து கிடந்தது. அது உடனே ஒன்றும் செய்யாதாம், அதனால் அவருக்கு அது பிடிக்காது. மனுஷனுக்கு எல்லாம் உடனே நடக்க வேண்டும்.

வெள்ளி காலையில் ஐசிங் பையைப் பிடித்தார். முதல் ரோசாவே நசுங்கிய கத்தரிக்காய்போல வந்தது. வழித்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தார். அதுவும் அப்படித்தான்.

"கை ஆடுது கா. இண்டைக்கு இது நடக்காது" என்றார்.

அவருடைய கண்ணில் ஒரு கலக்கம். எனக்குத் தாங்கவில்லை. ரின்னைத் திறந்து என்னுடைய குளிசை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"இதப் போடுங்க. எனக்கு நடுக்கம் நிண்டது இதாலதான்."

அவர் என்ன குளிசை என்றுகூடக் கேட்கவில்லை. நான் நஞ்சைக் கொடுத்தாலும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கிவிடுகிற மனுஷன்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கை கல்லுப்போல நின்றது. பூக்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மலர்ந்தன. டினுஷா என்ற பெயரை ஒரே மூச்சில் எழுதி முடித்தார். இவ்வளவு நேரான எழுத்தை அவருடைய கையில் நான் கண்டதே இல்லை. "பாத்தீங்களா, நான் இல்லாட்டி நீங்க எங்க?" என்று பெருமையடித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவினார்.

பம்பை இழுத்தார். மறுபடி இழுத்தார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் தோள் தளரும். அன்றைக்குத் தளரவில்லை. மூச்சு விடும்போது விசில் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் போனது. மாப்பிள்ளையின் பெயர் எழுதப்படாமலே கிடந்தது. நான் பக்கத்து வீட்டு ஓட்டோவைக் கூப்பிட்டு அவரை ஏற்றினேன். பாலத்தைக் கடக்கும்வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார். பிடித்த கை அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் உடனே ஒக்சிசன் மாஸ்க்கைப் போட்டு, நீலப் பம்பில் இருக்கிற அதே சல்பியூட்டமோல் மருந்தை ஆவியாக்கி அதற்குள்ளால் கொடுத்தார்கள். ஊசி மருந்தும் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஆர்த்திகா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா வேற என்ன மருந்து எடுக்கிறவர்?"

"நீலப் பம்ப். பழுப்பும் தந்தவங்க, இவர் எடுக்கிறல்ல."

"வேற குளிசை?"

"அவருக்குக் குளிசை ஒண்டும் இல்ல டொக்டர்."

நான் பொய் சொல்லவில்லை. அவருடைய மருந்து எது என்று கேட்டார்கள். நான் கொடுத்தது என்னுடைய மருந்து. அதன் உறையிலும் என் பெயர்தான் இருந்தது. அந்த நேரத்தில் அது என் மூளைக்கு எட்டவேயில்லை.

மூன்றாம் முறையும் ஆவி கொடுத்தாயிற்று. அவருடைய உதட்டில் நிறம் மாறத் தொடங்கியது. விலா எலும்புகளுக்கு நடுவில் தோல் உள்ளே உள்ளே இழுபட்டது. நான் செபமாலையைக் கையில் எடுத்தேன், ஆனால் ஒரு மணியைக்கூட உருட்ட வரவில்லை. இவர் போய்விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பேன் என்றுதான் நினைத்தேன். வேறு எதுவும் நினைக்க முடியவில்லை.

காத்தான்குடியைச் சேர்ந்த நஸீறா என்ற தாதி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். தலையில் கொஞ்சம் நரை கண்டவர். நாடி பார்த்த கையை விடாமல், அவருடைய விரல்களை விரித்துப் பார்த்தார்.

"டொக்டர், இதக் கொஞ்சம் பாருங்க. மூணு தரம் குடுத்திட்டம். விரல் கொஞ்சமும் நடுங்கல்ல. நாடியும் அறுபத்தெட்டு. இப்பிடி மூச்சு முட்டுற ஆளுக்கு நூறத் தாண்டி ஓடணும்."

கை நடுங்கவில்லை என்ற சொல் காதில் விழுந்ததும் காலையில் கொடுத்த குளிசை நினைவுக்கு வந்தது.

"மிஸ்," என்றேன், "கை நடுங்காம இருக்க நான்தான் ஒரு குளிசை குடுத்தன். என்ர குளிசை."

பெயரைச் சொன்னேன். டொக்டரின் முகம் மாறியது. ஆனால் என்னை ஏசவில்லை. நஸீறாவிடம் இன்னொரு மருந்தையும் ஆவியில் சேர்க்கச் சொன்னார். இப்றட்ரோபியம் என்று பெயர். ஒரு மக்னீசியம் சேலைனும் ஏறியது. சல்பியூட்டமோலையும் நிறுத்தவில்லை, அடுத்தடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அரை மணித்தியாலம் போனபின் விலாவின் இழுப்பு கொஞ்சம் குறைந்தது. அப்போதுதான் டொக்டர் என்னை ஒரு கதிரையில் இருத்தினார்.

"அன்ரி, மூச்சுக் குழாயச் சுத்தித் தசை இருக்கு. தொய்வு வந்தா அது இறுகும், குழாய் ஒடுங்கும். அந்தத் தசையில பீட்டா டூ எண்டு வாங்கிகள் இருக்கு, மருந்து வந்து பொருந்துற இடங்கள். சல்பியூட்டமோல் போய் அதில இருந்தாத்தான் தசைக்குள்ள 'தளரு' எண்டு ஒரு செய்தி போகும். தசை தளந்தா குழாய் விரியும்."

"அப்ப கை ஏன் நடுங்குது?"

"கைத் தசையிலயும் அதே வாங்கி இருக்கு. மருந்து அங்கயும் போய்த் தட்டும், அதான் நடுக்கம். நெஞ்சுப் படபடப்பும் அப்பிடித்தான். உங்கட குளிசை என்ன செய்யுது எண்டா, அதே வாங்கியில போய்க் குந்திக்கொள்ளும். தானும் ஒரு வேலையும் செய்யாது, சல்பியூட்டமோலையும் இருக்க விடாது. கையிலயும் அப்பிடி, மூச்சுக் குழாயிலயும் அப்பிடி."

"புதுசாக் குடுத்த மருந்து?"

"அது வேற வாங்கியால வேல செய்யிறது. உங்கட குளிசை அத மறிக்காது. இனிக் குளிசையிட வேகம் குறையக் குறைய, சல்பியூட்டமோலுக்கும் இடம் கிடைக்கும்."

நான் அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக, அந்த நடைபாதையில் எல்லோரும் பார்க்க அழுதேன். நடுக்கத்தை நிறுத்துகிறேன் என்று போய் அவருடைய மூச்சை அல்லவா நிறுத்தப் பார்த்திருக்கிறேன். நஸீறா ஒரு துண்டுப் பஞ்சைக் கையில் திணித்து, "உரிய நேரத்தில சொன்னீங்கதானே. எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில இருங்க" என்றார்.

போய் இருந்தேன். அவருடைய கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மத்தியானம் கடந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சரிந்தது. மாஸ்க்குக்குள் அவருடைய மூச்சு மெல்ல மெல்ல நீளமானது.

பின்னேரம் நாலு மணி இருக்கும். என் மடியில் கிடந்த விரல்கள் லேசாக அசைந்தன. முதலில் நான்தான் ஆடுகிறேனோ என்று நினைத்தேன். இல்லை, அவருடைய விரல்கள்தான். சின்னதாக, விடாமல், நான் பத்தொன்பது வருடமாகப் பார்த்து அலுத்துப்போன அதே நடுக்கம்.

"திரும்பவும் நடுங்குது கா" என்றார். குரலில் ஒரு கூச்சம்.

"நடுங்கட்டும்" என்று அந்தக் கையைத் தூக்கி முத்தமிட்டேன். எதிர்க் கட்டில்காரர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

இருட்டுப்பட முதல் நஸீறா என்னை வீட்டுக்கு அனுப்பினார். றொனால்டை மூன்று நாள் வைத்திருப்பார்கள், கேக்கோ காலையில் போக வேண்டும். மிச்சப் பூக்களை நானே வைத்தேன். அவை பூ என்று சொன்னால்தான் பூ. ஜூலியன் என்ற மாப்பிள்ளையின் பெயரையும் நானே எழுதினேன். அன்றைக்கு என்னுடைய குளிசையைப் போட மறந்திருந்தேன், பயமும் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. எழுத்து மேலும் கீழுமாக ஓடியது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு ரின். ஒன்றில் அவருடைய பெயர், மற்றதில் என்னுடையது. மா அரிப்பது என் வேலை, அவர் அந்த நேரம் அறைக்குள் வரக் கூடாது. பழுப்புப் பம்பைக் காலையும் மாலையும் அவர் இழுக்கிறதை நான் முன்னால் நின்று பார்த்தால்தான் தேத்தண்ணி. அதனால் நீலப் பம்ப் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. எப்போதாவது இழுக்கிற நாளில் பூ கொஞ்சம் சுருங்கி வரும், வாங்குகிறவர்கள் அது புது மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டினுஷா அந்தக் கேக்கின் படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து தந்தாள். வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய பெயரைக் காட்டி, "என்ன வடிவான எழுத்து" என்பார்கள். றொனால்டும் தலையை ஆட்டுவார். எனக்கு அந்த நேரான எழுத்தைப் பார்க்கவே முடிவதில்லை. அதை எழுதுகிறபோது அவருடைய நெஞ்சுக்குள் குழாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, நான் பக்கத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஜூலியனின் பெயரைத்தான் பார்ப்பேன். அது கோணல்மாணலாகக் கிடக்கிறது. அதை எழுதும்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.