புத்தாண்டு வரை செல்லும்

ஒரு தேசத்தின் பாதுகாப்பு அதன் காகிதங்களில்தான் இருக்கிறது என்பது சாரங்கபாணியின் கொள்கை. காஞ்சன்பாக் பாதுகாப்பு ஆய்வகத்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்பெசிஃபிகேஷன்களில் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். இப்போது அவர் முன் இருந்த காகிதம், மனைவி கனகத்தின் டிபன் கடைக்கான தள்ளுபடி கூப்பன்.

கூப்பன் தீர்ந்ததும் தோசைக்கல்லுக்கு ஒரு மாஸ்டர் வைப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். கனகத்தின் மணிக்கட்டு அந்த நாளுக்காகக் காத்திருந்தது.

சனத்நகர் அச்சகத்தில் டிசைன் போட்ட பிந்து, '20% தள்ளுபடி' என்று பெரிதாகவும், ஐந்து வருகைக்கு ஐந்து கட்டமும் வைத்திருந்தாள். முடியும் தேதிக்கு இடம் விட்டிருந்தாள். சாரங்கபாணி அங்கே 'புத்தாண்டு வரை செல்லும்' என்று எழுதினார். கட்டங்களுக்கு மேல், 'டிக் அடையாளம் மட்டுமே ஏற்கப்படும்'. இரண்டு பக்கமும் பளபளவென்று லேமினேஷன்.

"நக்கோ அங்கிள், வேணாம். கட்டம் இருக்கிற பக்கம் சாதா அட்டையா விடுங்க, லேமினேஷன்ல பேனா மை நிக்காது. தேதியும் போடுங்க."

"தமிழனுக்குப் புத்தாண்டு எப்போன்னு தெரியாதாம்மா?" என்று சிரித்து, ப்ரூஃபில் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பரில் கடை திறந்தது. ஜனவரி இரண்டாம் தேதி, கூப்பன் முடிந்தது என்றாள் கனகம். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கள் உகாதி என்றார்கள். உகாதி போனதும் தமிழர்கள் சித்திரை ஒன்று என்றார்கள். அதுவும் போனது. மூலைக்கடை மார்வாடி, தங்களுக்குத் தீபாவளிக்குத்தான் வருஷம் பிறக்கும் என்றார். அவருக்குத் தனி ஊத்தப்பம் வேறு.

ஐந்து தடவையோடாவது முடியும் என்று பார்த்தால், கட்டங்கள் தினமும் காலியாகவே வந்தன. ஸ்கெட்ச் பேனா டிக்கை சட்னி ஈரத்தோடு விரலால் தேய்த்தால் போதும். கனகம் ஓட்டை போடும் மெஷின் வாங்கினாள். தினமும் வரும் வினய், சின்ன எழுத்தைக் காட்டினான்.

"டிக் மட்டும்தான் செல்லும்னு மாமாவே போட்டிருக்கார், மாமி. அப்புறம், எந்த வருஷப் புத்தாண்டுன்னு போடலையே?"

கனகம் அவனுக்கு மூன்றாவது தோசையை வார்த்தாள். கை வலித்தது. அன்று மத்தியானம் கரண்டியோடு வந்து கணவர் முன் நின்றாள்.

"ஏன்னா, இது எப்போ முடியும்?"

"இன்னைக்கே முடிக்கறேன். முறையா."

மிச்சமிருந்த லேமினேஷன் தாளில் அதே ஸ்கெட்ச் பேனாவால் திருத்த அறிவிப்பு எழுதினார்: கூப்பன் இன்றோடு ரத்து. கீழே தேதி, நாள், மாதம், வருடம், கையெழுத்து. கல்லாவில் ஒட்டி, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு மாலைக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார்.

முதலில் வினய்தான் வந்தான். அறிவிப்பைப் படித்தான். எந்தத் தேதி என்று கேட்டான்.

தேதி சாரங்கபாணியின் வெள்ளைச் சட்டைக் கையில் இருந்தது.