பெயரை மட்டும் மறைத்த மனு

மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவளிடம் சீனியர் முதல் நாளே அடித்துச் சொல்லிவிட்டார்: "ஃபைல்ல படிக்கிறத வெளியில யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

நான்காம் நாள் கலைச்சொல் பாடம். மாதிரிக்குத் தான் முடித்த ஒரு விவாகரத்து மனுவையே எடுத்தார். பெயர்கள்மேல் துண்டுத்தாள் ஒட்டி நகலெடுத்துக் கொடுத்தார். பெயர் தெரியாவிட்டால் போதாதா என்ன!

"'மனுதாரர்'னு ஆரம்பிச்சா கடைசிப் பக்கம் வரைக்கும் மனுதாரர்தான். நடுவுல 'மனைவி'ன்னு மாத்தினா வக்கீல் நம்மளக் கிழிச்சிடுவார். முத்திரை புரியலைன்னா 'தெளிவில்லை'ன்னு எழுது, ஊகிக்காத. சிரிப்பு வந்தாலும் இருக்கிறத அப்படியே எழுதணும். இதப் பாரேன், பல் டாக்டராம், பொண்டாட்டிய உள்ள வெச்சு வெளியில ரெண்டு பூட்டாம்! பெரிய கஜானா காக்கிறாரு!"

சிரித்தவர் சீனியர் மட்டும்தான். புதியவள் அந்த வரியை விரலால் தொட்டாள்.

"ரெண்டாவது பூட்டு எதுக்குன்னு நான்கூடக் கேட்டேன் மேடம். திருட்டு பயம்னு சொன்னா எங்கக்கா."

சீனியர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். சிரித்த வாய் அதற்கு வளையவில்லை. தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

புதியவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா மனு போட்டது வீட்ல யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை அவ வர்றா. நான் அவகிட்டகூட மூச்சு விடக் கூடாது, இல்ல மேடம்?"