தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே சுவர் இல்லை

தையல்காரர் வீட்டு மாடியில் இரண்டாயிரம் லிட்டர் தொட்டியை ஏற்றி, குழாய் மாட்டி, மோட்டாரைப் போட்டு அரைமணி நேரம் ஆகியிருந்தது. தொட்டிக்கு அடியில் உள்ள செங்கல் மேடை நான் கட்டியது. கைப்பிடிச் சுவரை ஒட்டிக் கட்டச் சொன்னவர் தையல்காரர். ஓரத்தில் சுவர் தாங்கும் என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

பக்கத்து வீட்டு என்ஜினியர் வாசலோடு என்னிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போனார். சாக்கடைத் தகராறில் இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"நீயே படிப்பா. அவர் எழுதினதை நான் தொடமாட்டேன்," என்றார் தையல்காரர்.

நான் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பேன். மாடியில் தொட்டி நிழலில் நின்று படித்தேன்.

"ஐயா, உங்கள் வீட்டு மேல்தளம் நாலு அங்குலக் கனம், நாற்பது வயசு. அப்படிப்பட்ட தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் நூற்றைம்பது கிலோவுக்குத்தான் கணக்கிட்டுப் போடுவார்கள். தொட்டி நிறைந்தால் தண்ணீர் மட்டும் இரண்டு டன். அது நிற்கும் இடம் ஒன்றரைச் சதுர மீட்டர்கூட இல்லை. செங்கல் மேடை சுமையைக் குறைக்காது, கூட்டும்."

"போன வருஷம் இதே மாடியில முப்பது பேர் உட்கார்ந்தாங்க. என்ன ஆச்சு?" என்றார் தையல்காரர்.

கீழே ஜன்னலோரக் கட்டிலிலிருந்து, நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி குரல் கொடுத்தார். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். நான் படித்தது அக்காவுக்கும் கேட்டிருக்கிறது.

"அவங்கெல்லாம் எழுந்து வீட்டுக்குப் போயிட்டாங்க. உங்க தொட்டி எழுந்து போகுமா?"

"நீ சும்மா படு."

"படுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுக்கு நேர் கீழதான்."

மேற்கொண்டு படித்தேன். "கைப்பிடிச் சுவருக்கு அடியில் வீட்டுச் சுவர் இருப்பதாக நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நம் இரண்டு வீடும் ஒரே மேஸ்திரி கட்டியவை. தளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கைப்பிடிச் சுவர் அந்த நுனியில் நிற்கும். சந்தேகம் இருந்தால் வெளிப்பக்கமாக ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பாருங்கள்."

தையல்காரர் சிரித்தார். "எனக்கே நூலைப் பத்திச் சொல்லித் தராராம்."

கீழே போய்த் தடித்த நூல்கண்டும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். கத்தரிக்கோலை நூலில் கட்டி வெளியே இறக்கினார். அது ஆடி நின்றது.

"ஏய், நூல் சுவரை ஒட்டி நிக்குதா?"

அக்கா சொன்னார்: "கம்பி வழியா கையை நீட்டிப் பார்த்தேன். எட்டலை."

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை என்னிடம் நீட்டினார். நான் இறங்கிப் போய் அளந்தேன். சுவருக்கும் நூலுக்கும் பதினெட்டு அங்குலம். மழைக்கு அந்த நீட்டலின் கீழ் எத்தனை முறை ஒதுங்கியிருக்கிறேன். மேடை கட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை. தொட்டியில் ஏறக்குறையக் கால் பங்கு அந்தரத்தில், மீதி அக்காவின் கட்டிலுக்கு மேல்.

"எவ்வளவு?" என்றார் மேலிருந்து.

"ஒன்றரை அடிண்ணே."

இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். அதேதான்.

"மோட்டாரை நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். முதலில் இருவரும் சேர்ந்து கட்டிலை அக்காவோடு பக்கத்து அறைக்கு நகர்த்தினோம். நிலைப்படியில் கட்டில் கால் இடித்தது. "துணியை இழுக்குற மாதிரி இழுக்காதீங்க," என்று அக்கா திட்டினார். அப்புறம் மேலே போய்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டேன். ஏறக்குறையப் பாதி நிறைந்திருந்தது. வடிய வெகு நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் காலி அறையின் மேல்தளத்தைக் பூசும் கரணையின் பிடியால் தட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் வெற்றுப் பானை மாதிரி சத்தம் வந்தது. இன்னும் இரண்டு தட்டில் பூச்சு உள்ளங்கை அளவு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது.

தையல்காரர் அதைப் பார்த்தார். அக்காவுக்குக் கழிவறையில் தண்ணீர் வேண்டும். வாளியில் தானே தூக்கி ஊற்றினார். மூன்றாவது வாளிக்கு மூச்சு வாங்கியது.

"மிச்சத்தைப் படி," என்றார் வாளியைக் கீழே வைத்து.

"தொட்டி வேண்டுமென்றால், ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை இரண்டு இரும்பு பீம் போடுங்கள். நான்கு முனையும் வீட்டுச் சுவருக்கு நேர் மேலே, காங்கிரீட் கட்டையில் உட்கார வேண்டும். நடுவில் பீம் தளத்தைத் தொடக் கூடாது, மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள். பீம் அளவை அறையின் அகலம் பார்த்துத்தான் சொல்ல முடியும்."

தையல்காரர் டேப்போடு போய் அறையை அளந்து வந்தார்.

"அந்தக் காகிதத்துக்குப் பின்னாடி எழுது. அறை பத்தடி நாலு அங்குலம். எத்தனை அங்குல பீம்னு கேளு."

"நேர்லயே கேக்கலாமேண்ணே. அவர் வீட்டு வாசல்லதான் நிக்கறாரு."

"எழுதுப்பா. சாக்கடை விஷயம் இன்னும் முடியலை."

எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நான் கட்டிய மேடையை இடிக்க மாடிக்கு ஏறினேன்.