நூறு விழுக்காடு மாப்பிள்ளை

கல்யாணப் பெண் மணவறைக்குப் போகிற நேரத்தில் போனையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாதாம். சொன்னது குமுதா சித்தி. சொல்லிவிட்டு அவளே ராகினியின் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்தாள்.

பார்க்காமல் என்ன செய்வாள் ராகினி? குவீன் ஸ்ட்ரீட் பக்கத்து மண்டபத்தில் மணவறை தயார், ஐயர் தயார். நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டு பஸ்கூட கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரிலிருந்து வந்து, ஆட்களை இறக்கி, அவர்கள் பலகாரத்தையும் ஒரு கை பார்த்தாயிற்று. மாப்பிள்ளை சிவநேசனை மட்டும் காணோம். அவன் தன் அம்மா நவமணியை ஏற்றிக்கொண்டு மின்சாரக் காரில் பின்னாலேயே வருவதாகப் பேச்சு. போன் அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை. நவமணி அத்தையின் போனோ சாதாரண நாளிலேயே கைப்பைக்குள் தூங்கும்.

ஆனால் ராகினியிடம் வேறொரு வழி இருந்தது. அந்தக் காரை அவளும் சிவநேசனும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். சார்ஜிங் ஆப்புக்கும் ஒரே கணக்கு, இரண்டு போனிலும் திறக்கும். திறந்தாள். பாயான் லெப்பாஸ் பேரங்காடி, ஃபாஸ்ட் சார்ஜர். கார் அங்கேதான் நிற்கிறது!

"அப்பாடா" என்று மூச்சு விட்டாள். நேற்றெல்லாம் விமான நிலையத்துக்கும் வீட்டுக்குமாகச் சொந்தக்காரர்களை ஏற்றி இறக்கியதில் பேட்டரி தரை தட்டியிருக்கும். பாலம் தாண்டியதும் செருகியிருக்கிறான், பாவம்.

திரையில் பேட்டரி தொண்ணூற்றொரு விழுக்காடு. அதற்குக் கீழே பதினேழு கிலோவாட். அவள் பார்க்கப் பார்க்கப் பதினேழு பதினாறாயிற்று, பதினாலாயிற்று.

"ஐயோ, இறங்குதுடி!" சித்தி நெஞ்சில் கை வைத்தாள். "ஏத்துறதுக்குப் பதிலா உறிஞ்சுது லா அந்த மெஷின்!"

"சித்தி, அது வேகம். உள்ள போன கரண்ட் இதோ, நாப்பத்தாறு கிலோவாட்-ஹவர், இது ஏறிக்கிட்டுதான் இருக்கு. குடம் நிறையப் போறப்ப குழாயை மெல்ல திருப்புவீங்கல்ல? அதேதான். காலியா இருக்கப்ப குபுகுபுன்னு போகும், எண்பதுக்கு மேல சொட்டு சொட்டாத்தான் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எண்பதுக்கு மேல் சொட்டு சொட்டாகத்தான் போகும். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே சிவநேசன்தான். எண்பது தொட்டதும் கழற்றிவிடுவான். "மிச்ச இருபதுக்குக் காத்திருக்கிறவனுக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம்" என்று சார்ஜரில் நிற்கிறவர்களைக் கிண்டல் அடிப்பான். அங்கிருந்து மண்டபத்துக்கு எண்பது எதற்கு, இருபதே தாராளம். அப்படிப்பட்டவன் தன் கல்யாணத்தன்று தொண்ணூற்றொன்றில் உட்கார்ந்து என்ன செய்கிறான்?

ஒன்றுதான் தோன்றியது. வர மனமில்லாமல் நேரத்தைக் கடத்துகிறான்.

போன வாரம்கூட, "நம்ம அவசரப்படுறோமா?" என்று அவன் கேட்டது ஞாபகம் வந்தது. பந்தல்காரருக்கு முன்பணம் கொடுப்பதைப் பற்றித்தான் கேட்டான். ஆனால் பயம் வந்த மனசு அதையெல்லாம் கேட்குமா?

தொண்ணூற்றேழு. ஆறு கிலோவாட். சித்தி மெல்ல எழுந்தாள். அவள் எழுந்தாலே ஆபத்துதான். அறையை விட்டு நழுவினாள். திரும்பி வந்தபோது பின்னாலேயே மூன்று அத்தைகளும் இரண்டு அக்காக்களும் வந்தார்கள். செய்தி மண்டபம் பூராவும் பரவிவிட்டது என்று முகங்களே சொல்லின. ராகினியின் அப்பா வாசலில் நின்று, கேட்கக் கூச்சப்பட்டு, "என்னம்மா சொல்லுது ஆப்பு?" என்றார்.

"நூறு ஆயிடுச்சுப்பா. சீரோ கிலோவாட். இனி கழட்டிட்டு வர வேண்டியதுதான்."

கழற்றவில்லை. திரையில் மஞ்சள் பட்டை ஒன்று வந்தது. சார்ஜ் முடிந்தது, வண்டியை எடுங்கள், சலுகை நேரம் ஓடுகிறது. அதுவும் ஓடி முடிந்து, பட்டை சிவப்பாயிற்று. காத்திருப்புக் கட்டணம், நிமிடத்துக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்.

"என்னடி சிவப்பா?" என்றாள் ஓர் அத்தை.

"சார்ஜ் முடிஞ்சும் இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறதுக்குத் தண்டம்" என்றாள் ராகினி. வாங்கிய நாள் முதல் அந்தத் தண்டத்தை ஒரு காசு கட்டாதவன் அவன். சலுகை நேரம் தொடங்கும் முன்பே ஓடிப்போய்க் கழற்றுவான். காரை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டானா? கண் மை கரைந்தால் கரையட்டும் என்று அழுதேவிட்டாள்.

சிவப்பு எண் ஒன்று ஒன்றாக ஏறியது. ஒவ்வொரு வெள்ளிக்கும் அறையே "ச்சு" கொட்டியது.

திடீரென்று எண் நின்றது. சிவப்புப் பட்டை மறைந்தது. 'இணைப்பு துண்டிக்கப்பட்டது. நன்றி.'

"கழட்டிட்டாங்க!" ராகினி எழுந்த வேகத்தில் ஜடை பில்லை தெறித்து விழுந்தது. "கழட்டிட்டாங்கப்பா! வண்டி கிளம்பிடுச்சு!"

அறையில் எழுந்த கூச்சல் பந்து கோலுக்குள் போனால்கூட வராது. அத்தைகள் கட்டிக்கொண்டார்கள். வெளியே நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளையே வந்துவிட்டார் என்று நினைத்து ஊத ஆரம்பித்துவிட்டார். அவரை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

முகூர்த்தம் கைவிட்டுப் போவதற்குள் கார் வந்து நின்றது. வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, வியர்வையில் குளித்து, ஓடியே வந்தான் சிவநேசன். ராகினியைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நான் எண்பதுலயே கழட்டப் போனேன். அம்மா விடல. பொண்ணு முதல் தடவை மருமகளா ஏறுற வண்டி, குறையா இருக்கக் கூடாதாம். நிறைகுடம் மாதிரி நூறு இருக்கணுமாம். சரின்னு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு முகம் கழுவப் போனேன். வந்து பார்த்தா அம்மா வண்டியைப் பூட்டிட்டு எங்கேயோ போயிட்டாங்க. சாவி அட்டை அம்மா கைப்பையில, என் போன் வண்டிக்குள்ள. பூட்டைத் திறக்காம பிளக்கும் கழட்ட வராது. கண்ணாடி வழியா உன் பேரு மின்னி மின்னி மறையுது, நான் வெளியே நிக்கிறேன் ராகினி!"

ராகினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க ஓடிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள்.

"இந்த வேட்டியிலயா?" என்றான் அவன்.

அப்போதுதான் பின்னால் நவமணி அத்தை வந்தார், நிதானமாக, கையில் வாழை இலைப் பொட்டலத்தோடு. பிரித்தார். கட்டிய பிச்சிப்பூ, பனி ஈரம் காயாமல்.

"உனக்குப் பிச்சின்னா உசிருன்னு தம்பி சொன்னான்மா. இங்க எல்லாம் மல்லிகைதான் வச்சிருப்பாங்கன்னு தெரியும். அங்க ரோட்டுக்கு அந்தாண்ட ஒரு பூக்காரி இருந்தா. ஆறு வெள்ளியாம்! நான் விடுவேனா? நின்னு, பேசி, போற மாதிரி போய்த் திரும்பி வந்து, அஞ்சுக்கு வாங்கினேன்." அத்தை முகத்தில் அப்படி ஒரு பெருமை. "ஒரு வெள்ளி மிச்சம்."

போன் ராகினியின் கையில் சிணுங்கியது. ரசீது. ஐம்பத்திரண்டு கிலோவாட்-ஹவர், அதற்குக் கீழே சிவப்பில் காத்திருப்புத் தண்டம் இருபத்துமூன்று வெள்ளி. சிவநேசன் எட்டிப் பார்த்தான். வாயைத் திறந்தான். ராகினி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள்.

போனை அணைத்துச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, அத்தைக்கு முன்னால் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

"நீங்களே வச்சு விடுங்க அத்தை."